தொண்ணூற்றைந்தில் நின்ற வீடியோ

காந்தா அஃப்ஸானாவின் ஜெராக்ஸ் கடைக்குள் வந்ததும் முதலில் பார்த்தது கம்ப்யூட்டரை அல்ல. மேஜைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்தாள். அப்புறம்தான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மடியில் இருந்து ஒரு பென் டிரைவை எடுத்தாள். அட்டையும் பிளாஸ்டிக் உறையும் இன்னும் பிரிக்காமல் இருந்தன.

"பொன்னேரியில வாங்கினது. ரெண்டு ஊருக்காரங்களும் சேர்ந்து போய் வாங்கினாங்க. நீ பிரிக்காத. அவரு வரட்டும்."

அவர் என்றால் பச்சைமுத்து. காந்தாவின் ஊர் தோணிரேவு. பச்சைமுத்து ஏரிக்கு அந்தப் பக்கம் கோரைத்திட்டு. பழவேற்காடு ஏலக் கொட்டகையில் இருவரும் எத்தனையோ முறை பக்கத்துப் பக்கத்துக் கூடையில் இறால் விற்றவர்கள்தான். ஆனால் பொங்கல் லீவு முடிந்து இந்த ஒரு வாரமாகப் பேச்சு இல்லை.

காரணம் வலை. ஏரியில் எந்த இடத்தில் எந்த ஊர் எப்போது வலை கட்டுவது என்று முறை உண்டு. தோணிரேவுக்காரர்கள் தங்கள் முறை வந்த இடத்தில், குச்சி நட்டு வலை கட்டியிருந்தார்கள். வெயில் ஏறிப் போய்ப் பார்த்தால் காந்தா வீட்டு வலை பாதிக்கு மேல் கிழிந்து கிடந்தது. சில இடத்தில் கத்தி போட்டு அறுத்த மாதிரி சுத்தமான வெட்டு. அதே இடத்துக்கு அடுத்த முறை கோரைத்திட்டுக்கு. அவர்கள்தான் பொறாமையில் அறுத்துவிட்டார்கள் என்று தோணிரேவு சொன்னது. நீங்களே அறுத்துப் போட்டுவிட்டு எங்கள் முறையைப் பறிக்கப் பார்க்கிறீர்கள் என்று கோரைத்திட்டு சொன்னது. இரண்டு நாள் முன்பு துடுப்பைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

அந்த நேரத்தில்தான் யாரோ அந்தக் கல்லூரிப் பெண்ணை ஞாபகப்படுத்தினார்கள். தேவதர்ஷினி என்று பெயர். ஏரியோரம் முளைக்கும் கண்டல் செடிகளைக் கணக்கெடுக்க வந்தவள். வலை கிழிந்த அன்று காலையில் அந்தப் பக்கமாக ட்ரோன் பறக்கவிட்டிருந்தாள். தன் ஊருக்குத் திரும்பிவிட்டாள். போன் போட்டுக் கேட்டதும், "நான் இன்னும் முழுசா பார்க்கலை. வேணும்னா அந்த இடம் வர்ற பகுதியை மட்டும் வெட்டி வாட்ஸப்ல அனுப்பறேன்" என்றாள்.

இரண்டு ஊரும் முதல் முறையாக ஒரே குரலில் வேண்டாம் என்றது. வெட்டி அனுப்பினால் எதை விட்டாள் என்று யாருக்குத் தெரியும்? முழுசாக, ஒரே துண்டாக வரவேண்டும். எந்த ஊர்க்காரன் வீட்டிலும் இறக்கக் கூடாது. பழவேற்காடு பஜாரில் அஃப்ஸானா கடையில் இறக்கட்டும். அந்தப் பொண்ணு இந்த ஊருமில்லை, அந்த ஊருமில்லை. ஆனால் வீடியோ அவள் கம்ப்யூட்டருக்குள்ளும் போகக் கூடாது. உள்ளே போனால் ஏதாவது மாற்றிவிடலாம். நேராகப் புது பென் டிரைவில் இறங்க வேண்டும். ஊருக்கு ஒருவர் கூடவே உட்கார்ந்து பார்க்க வேண்டும். சாயந்திரம் ஏலக் கொட்டகையில் எல்லோரும் கூடிப் பார்ப்பது.

அஃப்ஸானா ஒத்துக்கொண்டாள். ஆதார் திருத்தம், பட்டா நகல், பரீட்சை முடிவு என்று எத்தனையோ பேருக்கு இறக்கிக் கொடுத்திருக்கிறாள். இது இன்னொன்று என்றுதான் நினைத்தாள்.

பச்சைமுத்து வந்தார். பேசவில்லை. காந்தா உறையைக் கையில் பிடிக்க, அவர் பல்லால் கடித்துப் பிரித்தார். அஃப்ஸானா அதை வாங்கிச் செருகினாள். உள்ளே காலி என்று இருவருக்கும் காட்டினாள்.

"இருபத்தெட்டு ஜிபி இடம் இருக்கு. நம்ம வீடியோ நாலு புள்ளி ரெண்டு. தாராளமா போதும்" என்றாள்.

தேவதர்ஷினி அனுப்பிய லிங்க்கைத் திறந்தாள். இறக்கு என்று அழுத்தியதும் ஒரு பக்கம் வந்து நின்றது. காந்தா எழுத்துக் கூட்டி ஆங்கிலம் படிப்பவள். ஒரே ஒரு வார்த்தை அவள் கண்ணில் பட்டுவிட்டது.

"இன்னா இது? வைரஸ்னு போட்டுக்குது?"

"வைரஸ் இருக்குன்னு சொல்லலக்கா. கோப்பு ரொம்பப் பெருசு, அதனால வைரஸ் இருக்கா இல்லையான்னு எங்களால சோதிச்சுப் பார்க்க முடியலன்னு சொல்லுது. பெரிய கோப்புன்னா எல்லாத்துக்கும் இப்படித்தான் கேக்கும். தெரிஞ்சவங்க அனுப்பினது. அதுவும் வீடியோ. இறக்கலாம்."

"சோதிக்க முடியலனா எப்படி நம்பறது?" என்றார் பச்சைமுத்து. கடைக்கு வந்து அவர் பேசிய முதல் பேச்சு அது.

"தேவதர்ஷினிக்கே போன் போட்டுத் தரேன். நீங்களே கேளுங்கண்ணா."

ஸ்பீக்கரில் போட்டாள். தேவதர்ஷினி பெயரையும் அளவையும் சொன்னாள். திரையில் இருந்ததும் அதுவும் ஒன்றாக இருந்தது. பச்சைமுத்து தலையை ஆட்டினார். எங்கே வைக்க என்று கம்ப்யூட்டர் கேட்டதற்கு அஃப்ஸானா பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தாள். எவ்வளவு இறங்கியது என்று காட்டும் பட்டை மெதுவாக நகர ஆரம்பித்தது.

காத்திருப்பது பெரிய வேலை. நடுவில் இரண்டு பேர் ஜெராக்ஸுக்கு வந்தார்கள். ஒவ்வொரு முறை அஃப்ஸானா எழுந்தபோதும் காந்தாவின் கண் அவள் கையோடு போய் அவள் கையோடு திரும்பியது. இரண்டு ஸ்டூலும் ஒன்றை ஒன்று பார்க்காமல் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. தொண்ணூறு தாண்டியதும் பச்சைமுத்து முன்னால் சாய்ந்தார். தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்று நான்கு. தொண்ணூற்றைந்தில் பட்டை நின்றது. கொஞ்ச நேரம் அசையவே இல்லை. அப்புறம் பட்டை மறைந்து ஒரு வரி வந்தது. இறக்கம் தோல்வி. டிஸ்க் ஃபுல்.

"இன்னாவாம்?"

"இடம் போதலன்னு சொல்லுது" என்றாள் அஃப்ஸானா. சொல்லும்போதே அவளுக்கே அது சரியாகப் படவில்லை. பென் டிரைவைத் திறந்து பார்த்தாள். இருபத்தெட்டு ஜிபியும் அப்படியே காலி.

"காலியா கீது" என்றார் பச்சைமுத்து. "ஆனா நெறஞ்சிப் போச்சுனு சொல்லுது."

"ஆமாண்ணா. ஏன்னு தெரியல."

"கடைசியில வந்து நிக்குது பாரு. முன்னாடியே நின்னுருந்தா கூட நம்பலாம்." அவர் அஃப்ஸானாவைப் பார்க்கவில்லை. காந்தாவைப் பார்த்தார். காந்தாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்னை எதுக்குப் பார்க்கற? நான் இன்னா அதுல பூந்து அடைச்சிக்கினா உக்காந்திருக்கேன்? வலை கிழிஞ்சது எங்களுது. வீடியோ வராம போனா உங்களுக்குத்தான் நல்லது."

"எங்களுக்கு இன்னா நல்லது? வரட்டும், யாரு யோக்கியம்னு தெரியட்டும்."

"இன்னொரு தடவை போடறேன்" என்றாள் அஃப்ஸானா. "சில நேரம் இப்படி ஆகும்."

பச்சைமுத்து ஸ்டூலை மேஜைக்கு ஒட்டி இழுத்துப் போட்டார். "போடு. போட்டுட்டு அந்த எலியை இப்படி வச்சிடு. கை வைக்காத."

மவுஸை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். தன் கடையில் தன் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளுக்குப் புதிதாக இருந்தது. தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள். மீன்காரப் பையன்கள் இருவர் வாசலில் நின்று, "இன்னும் வரலயா? பாய் வீட்டுப் பொண்ணுக்கு எந்த ஊருல இருந்து இன்னா வந்துச்சோ" என்று காதில் விழும்படியே சொல்லிவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் இர்ஃபான் டீ வாங்கிக்கொண்டு வந்தான். அஃப்ஸானாவின் தம்பி. சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வைத்திருக்கிறான். முகத்துவாரம் வரை ஆளையும் சாமானையும் ஏற்றிப் போவான். கடைப்பக்கம் அவனாக வருவதே அபூர்வம். டீ வாங்கி வருவது அதைவிட.

"இன்னா லாத்தா, வந்துடுச்சா?"

"எங்க? தொண்ணூத்தஞ்சுல நின்னு போச்சு. மறுபடி போட்டிருக்கேன்."

"வைரஸ்னு வந்துச்சாமே. பஜார்ல பேசிக்கறாங்க. எதுக்கு வம்பு? உன் கம்ப்யூட்டர் போயிடப் போவுது."

"வைரஸ் எல்லாம் இல்ல."

டீயைக் கொடுத்துவிட்டு அவன் போகவில்லை. ஜெராக்ஸ் மெஷின் பக்கம் நின்றான். சுவரில் ஒட்டியிருந்த பழைய அறிவிப்புகளைப் படித்தான். காந்தாவிடம் வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்டான். அவள் பதில் சொல்லும்போது அவன் கேட்கவில்லை என்பதை அஃப்ஸானா கவனித்தாள்.

எழுபத்தொன்றில் பட்டை நின்றது.

இந்த முறை வேறு வரி வந்தது. இணைப்பு இல்லை. அஃப்ஸானா திரும்பிப் பார்த்தாள். ரவுட்டரில் ஒரு விளக்குகூட இல்லை. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது; கரண்ட் போகவில்லை. எழுந்து போய்ப் பார்த்தாள். ரவுட்டர் பிளக் பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. இர்ஃபான் அதற்கு இரண்டடி தள்ளி நின்றிருந்தான்.

"கால் பட்டுடுச்சு போல" என்றான் இர்ஃபான், அவள் கேட்பதற்கு முன்பே.

பிளக்கை அழுத்திச் செருகினாள். அது இருந்தது அவள் இடுப்பு உயரத்தில்.

நெட் திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்லிப் பார்த்தாள். அனுமதி இல்லை என்று வந்தது. பழைய லிங்க்கின் நேரம் முடிந்திருக்கும். மறுபடி முதலில் இருந்துதான். போட்டுவிட்டு, "முகம் கழுவிட்டு வரேன்" என்று இருவரிடமும் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனாள். போகும்போது இர்ஃபானைக் கண்ணாலேயே கூப்பிட்டாள்.

கடைக்குப் பின்னால் ஒரு சின்னச் சந்து. காகிதக் கட்டுகளும் பழைய பிரிண்டரும் கிடக்கும் இடம்.

"பிளக்கை இழுத்தியா?"

"கால் பட்டுச்சுன்னு சொல்றேனே."

"இர்ஃபான்."

அவன் சுவரைப் பார்த்தான். "தானா நின்னு போவுதுல்ல லாத்தா? நீ ஒண்ணும் பண்ணல. மிஷின் பண்ணுது. வரலன்னு சொல்லிடு. யாரும் உன்னைக் கேக்க முடியாது. அவங்க கண்ணு முன்னாடியே நிக்குது."

"வந்தா உனக்கு இன்னா?"

"எனக்கு இன்னா? ரெண்டு ஊரு சண்டை. நடுவுல நாம எதுக்குன்னுதான்."

"அன்னிக்குக் காலையில நீ எங்க போயிருந்த?"

"தொழுதுட்டு வீட்லதான் இருந்தேன். உம்மாகிட்ட கேளு."

உம்மா அன்று பொன்னேரியில் பெரியம்மா வீட்டில் இருந்தாள். அது இருவருக்கும் தெரியும். அவன் சொல்லிவிட்டுத்தான் அதை நினைத்திருப்பான் போல. கையைப் பாக்கெட்டில் விட்டு எடுத்தான். சந்து வழியாகவே போய்விட்டான்.

அஃப்ஸானா முகம் கழுவினாள். தண்ணீர் உப்பு கரித்தது. பொங்கல் லீவில் மெட்ராஸில் இருந்து கார் காராக ஆட்கள் வந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. பூநாரை பார்க்கப் படகு கிடைக்குமா என்று அவள் கடையிலேயே வந்து கேட்டார்கள். வெளியூர்க்காரர்களை ஏரியில் சவாரி ஏற்றுவதற்குத் தடை இருக்கிறது, யாரும் ஏற்ற மாட்டார்கள் என்று சொல்லி அனுப்பினாள். வாசலில் அப்போது இர்ஃபானும் நின்றிருந்தான். அவன் அவர்கள் பின்னாலேயே இறங்கிப் போனான்.

அதற்கு மேல் நினைக்க அவளுக்குப் பயமாக இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

மூன்றாவது முறையும் தொண்ணூற்றைந்தில் நின்றது. மறுபடி டிஸ்க் ஃபுல்.

காந்தா புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள். பச்சைமுத்து உட்கார்ந்தபடியே, "யாரோ இதை வரவிடாம பண்றாங்க" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அஃப்ஸானா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்ணூற்றைந்து. முதல் முறையும் அதே. நெட்டில் கோளாறு என்றால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் நிற்கும். ஒருத்தன் பிளக்கைப் பிடுங்கினால் அவன் நினைத்த நேரத்தில் நிற்கும்; எழுபத்தொன்றில் நின்றதே, அப்படி. இது இரண்டு முறையும் ஒரே இடத்தில், ஒரே வார்த்தையைச் சொல்லி நின்றிருக்கிறது. நாலு புள்ளி இரண்டில் தொண்ணூற்றைந்து சதவீதம் என்றால் நாலு. நாலு ஜிபி தொட்டதும் நிற்கிறது.

"காந்தாக்கா, ஒரு நிமிஷம். ஒரு சோதனை பண்ணிப் பார்க்கறேன். உங்க வீடியோ இல்ல. என்னோடது ஒண்ணு."

கம்ப்யூட்டருக்குப் புதிதாக விண்டோஸ் போடுவதற்காக ஒரு பெரிய கோப்பு வைத்திருந்தாள். ஐந்து ஜிபிக்கு மேல். அதை எடுத்து பென் டிரைவில் போடச் சொன்னாள். போட ஆரம்பிக்கவே இல்லை. நடுத் திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது. இந்தக் கோப்பு, போய்ச் சேர வேண்டிய இடத்தின் அமைப்புக்கு மிகவும் பெரியது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்த அளவு பென் டிரைவ்கள் கடையிலிருந்து வரும்போதே பழைய முறை ஒன்றில் தயார் செய்துதான் வரும். எத்தனை ஜிபி இடம் இருந்தாலும், அந்த முறையில் ஒரு தனிக் கோப்பு நாலு ஜிபியைத் தாண்டக் கூடாது. பிரவுசருக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு இறக்கிக்கொண்டே போகும். நாலைத் தொட்டதும் பென் டிரைவ் இனி எழுத மாட்டேன் என்கிறது. அதைத்தான் இடம் இல்லை என்று சொல்கிறது. சின்னச் சின்னத் துண்டாக வந்திருந்தால் எதுவும் ஆகியிருக்காது. முழுசா வேணும், நேரா இதுலயே இறங்கணும் என்று இரண்டு ஊரும் பிடித்த பிடிவாதம்தான் இப்படி வந்து முட்டியிருக்கிறது.

சரி செய்ய இரண்டு நிமிஷம் போதும்.

அவள் வாசலைப் பார்த்தாள். எதிரே பழக்கடை நிழலில் இர்ஃபான் நின்றிருந்தான். அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். மெதுவாகத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான்.

இப்போது அவள் ஒன்றும் செய்ய வேண்டாம். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வரலைன்னு சொல்லிடலாம். சந்தேகப்படுவார்கள், ஏற்கெனவே சந்தேகப்பட்டாகிவிட்டது.

காந்தா வாசல்படியில் ஒரு காலை வைத்துவிட்டாள். "நான் போறேம்மா. வரலனு ஊர்ல சொல்லிடறேன். நாளைக்குக் கோரைத்திட்டு ஆளுங்க அந்த இடத்துல குச்சி நட வருவாங்க. எங்க ஆளுங்க உட மாட்டாங்க. நடக்கறது நடக்கட்டும்."

"வர்றவன் கையைக் கட்டிக்கினா வருவான்?" என்றார் பச்சைமுத்து. அவரும் எழுந்தார். அவர் மூத்த மகனுக்குப் போன மாசம்தான் குழந்தை பிறந்தது; பிறப்புச் சான்றிதழை இறக்கிக் கொடுத்தது அஃப்ஸானாதான்.

"உக்காருங்க ரெண்டு பேரும்" என்றாள். குரல் அவளுக்கே கொஞ்சம் சத்தமாகக் கேட்டது. "காரணம் தெரிஞ்சிடுச்சு."

சொன்னாள். பெட்டியில் வந்த வரியை ஒவ்வொரு வார்த்தையாகக் காட்டினாள். காந்தா பாதி நம்பினாள். பென் டிரைவை வேறு முறையில் புதிதாகத் தயார் செய்ய வேண்டும், அதற்கு முழுசாக அழிக்க வேண்டும் என்றபோது அந்தப் பாதியும் போய்விட்டது.

"அழிக்கறதா?"

"அதுல ஒண்ணுமே இல்லக்கா. காலி வீட்டுக்கு வெள்ளை அடிக்கற மாதிரி."

"அழிக்கட்டும்" என்றார் பச்சைமுத்து. காந்தா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "இல்ல, யோசிச்சுப் பாரு. அதுல எதுவும் இல்லனு காலையிலயே ரெண்டு பேரும் பார்த்துட்டோம். இல்லாததை அழிக்கறதுல இன்னா போவுது? இதுவும் நிக்கட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

ஃபார்மட் என்பதை அழுத்தினாள். பெரிய கோப்பைத் தாங்கும் முறையைத் தேர்ந்தெடுத்து அவர்களுக்குக் காட்டினாள். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. சோதனைக் கோப்பைப் போட்டாள். இந்த முறை பெட்டி எதுவும் வரவில்லை, நகல் ஓட ஆரம்பித்தது. அதை நிறுத்தி நீக்கிவிட்டு, வீடியோவை மறுபடி போட்டாள்.

அந்த நான்காவது முறைதான் மற்ற எல்லாவற்றையும்விட நீண்டது. எதிரே பழக்கடை நிழல் காலியாக இருந்தது. இர்ஃபான் எப்போது போனான் என்று அவளுக்குத் தெரியவில்லை. தொண்ணூற்றில் காந்தா வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். தொண்ணூற்றைந்தில் மூவரும் திரைப் பக்கம் குனிந்தார்கள். பட்டை நிற்கவில்லை. தொண்ணூற்றாறு. முழுசாக ஓடி முடிந்து, இறங்கிவிட்டது என்று வந்தது.

சாயந்திரம் கொட்டகையில்தான் பார்ப்பது என்று பேச்சு. ஆனால் காந்தா, "இது நம்ம ஏரிதானானு மட்டும் பார்த்துடலாம்" என்றாள். பச்சைமுத்து மறுக்கவில்லை.

ஏரி மேலிருந்து வேறு மாதிரி இருந்தது. பழுப்புத் தண்ணீர், பச்சைத் திட்டுகள், தண்ணீருக்கு அடியில் தெரியும் மணல் மேடுகள். காந்தா, "அது எங்க குச்சி, அது எங்க குச்சி" என்று விரலால் தொட்டுக் காட்டினாள். வலை அப்போது முழுசாக இருந்தது. மிதவைகள் வரிசை பிசகாமல் நின்றன. ட்ரோன் திரும்பிக் கண்டல் பக்கம் போனது. மறுபடி திரும்பி வந்தபோது வலைக்கு நடுவில் ஒரு படகு நின்றிருந்தது.

ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கலர் கலராகத் துணி. யாரோ செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். பின்னால் ஒருத்தன் என்ஜினைத் தூக்கி வைத்துக்கொண்டு, விசிறியில் சுற்றிய வலையைக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தான். அறுத்து அறுத்துத் தண்ணீரில் போட்டான். படகின் முன்பாதியில் வெயிலுக்கு ஒரு ஃபிளெக்ஸ் பேனரைக் கட்டியிருந்தார்கள். அச்சடித்த பக்கம் மேலே. ட்ரோன் நேர் மேலே வந்தபோது எழுத்து தெளிவாகத் தெரிந்தது.

காந்தா வழக்கம்போல எழுத்துக் கூட்டிப் படித்தாள். "அஃப்... ஸானா... ஜெராக்ஸ்."

 போன வருஷம் காற்றில் கிழிந்து கழற்றிய பேனர் அது. குப்பைக்குப் போய்விட்டது என்று அஃப்ஸானா நினைத்திருந்தாள்.

"உன் தம்பி" என்றார் பச்சைமுத்து.

"ஆமா."

"காலையில டீ கொண்டாந்தானே."

"ஆமாண்ணா."

"அவன் வந்தப்புறம்தான் ஒயரு கழண்டுச்சு." அவர் யோசித்து யோசித்துப் பேசினார், வலையை ஒவ்வொரு கண்ணாகப் பார்ப்பது போல. "காலையில இருந்து நின்னு நின்னு போனது, அவன் தப்பிச்சுப் போவறதுக்கா?"

"ஒயரு அவன் வேலை. எனக்கு அப்போ சந்தேகம்தான் வந்துச்சு, உறுதியா தெரியாது. உங்ககிட்ட சொல்லல. மத்தது பென் டிரைவ். அதை உங்க கண்ணு முன்னாடி காட்டினேன்."

"காட்டின" என்றார். "எனக்கு அதெல்லாம் தெரியாது. நீ காட்டினதைத்தான் நான் பார்த்தேன்."

 காந்தா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே படகு கிளம்பிப் போய்விட்டிருந்தது. வலை ஒரு பக்கமாகச் சரிந்து மிதந்தது.

"அவ வரலனு சொல்லிருக்கலாம்யா" என்றாள் காந்தா பச்சைமுத்துவிடம். ஒரு வாரத்தில் அவரிடம் அவள் சண்டை இல்லாமல் பேசியது அதுதான். "நான் படியில கால வச்சிட்டேன். நீயும் எந்திரிச்சிட்ட. கூப்பிட்டது அவதானே."

 பச்சைமுத்து பென் டிரைவைத் தானே பிடுங்கப் போனார். அஃப்ஸானா தடுத்து, முறையாகக் கழற்றிக் கொடுத்தாள். அவர் அதை வாங்கி, ஒரு கணம் கையில் வைத்திருந்து, காந்தாவிடம் கொடுத்தார். இருவரும் ஒன்றாகவே படி இறங்கிப் போனார்கள்.

சாயந்திரம் கொட்டகையில் இரண்டு ஊரும் கூடியது. இர்ஃபான் ஓடிப்போகவில்லை, வந்தான். வீடியோ போடுவதற்கு முன்பே எழுந்து, "நான்தான்" என்றான். லீவுக்கு வந்தவர்களை விடியலில் ஏற்றிப் போனதையும், வலை இருப்பது தெரியாமல் ஓட்டியதையும், சவாரி போனது தெரிந்தால் படகைப் பிடித்துக்கொள்வார்கள் என்று பயந்ததையும் சொன்னான். காந்தாவின் வீட்டுக்காரர் எழுந்து வந்து அவன் சட்டையைப் பிடித்தார். இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து விலக்கிவிட்டார்கள். வலையைப் புதிதாகக் கட்டிக் கொடுக்கும் வரை அவன் படகு கரையில் கிடக்க வேண்டும், அவன் தோணிரேவில் வந்து உட்கார்ந்து அவர்களோடு வலை பின்ன வேண்டும் என்று முடிவானது. மறுநாள் கோரைத்திட்டு ஆட்கள் தங்கள் முறைக்கு வந்து குச்சி நட்டார்கள். யாரும் தடுக்கவில்லை.

அஃப்ஸானா கடைக்கு வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் ஏதாவது இறங்காமல் நின்றால், முன்பு போல "நெட் ஸ்லோவா?" என்று கேட்பதில்லை. அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

இர்ஃபான் தினமும் காலையில் தோணிரேவுக்குப் போய் இருட்டுவதற்குள் வந்தான். விரல்களில் நைலான் நூல் அறுத்த கோடுகள். லாத்தாவோடு பேசவில்லை. ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது, உம்மா உள்ளே போன நேரம் பார்த்து, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"நீ வரலன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா மறுநாள் ரெண்டு ஊரும் வெட்டிக்கினு இருக்கும். காந்தாக்கா வீட்டுக்காரரு, பச்சைமுத்தண்ணா பையன், யாராவது ஒருத்தரு விழுந்திருப்பாங்க. அப்பவாவது போய் நான்தான்னு சொல்லியிருப்பியா? இல்ல பார்த்துக்கினு இருந்திருப்பியா?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். உடனே சொல்லியிருப்பேன் என்று அவன் சொல்வான் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த தம்பி அதைத்தான் சொல்வான்.

"தெரியல லாத்தா" என்றான்.

அஃப்ஸானா குழம்புச் சட்டியை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவன் ஊற்றிக்கொண்டான். அவன் சாப்பிட்டு முடிக்கும் வரை அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.